3,141 குழந்தைகளை ஒரு தாளில் எழுதுவது

மருத்துவக் கல்லூரிகளில் வாரம் ஒருநாள் நடக்கும் 'ஜர்னல் கிளப்' வெளியாட்கள் அதிகம் அறியாத சடங்கு. முதுநிலை மாணவர் ஒருவர் புதிதாக வந்த ஆய்வுக் கட்டுரை ஒன்றை எடுத்துக்கொண்டு வருவார். துறைத் தலைவரும் உதவிப் பேராசிரியர்களும் மற்ற பி.ஜி.க்களும் உட்கார்ந்து அதைப் பிரித்துப் போட்டுப் பார்ப்பார்கள். வழக்கம் பழையது. கனடாவின் மாண்ட்ரியல் நகரில் 1875-இல் வில்லியம் ஆஸ்லர் இதைத் தொடங்கியதற்கு முக்கியக் காரணம், விலை அதிகமான மருத்துவ இதழ்களை ஆளுக்கொன்று வாங்க முடியாமல் பங்குபோட்டுப் படிக்க வேண்டியிருந்ததுதான்.

இன்று இதழ்கள் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. ஆனால் பேச வருபவர் கூட்டத்துக்கு முன்னால் எல்லோர் கையிலும் ஒரு ஜெராக்ஸ் தாளைக் கொடுக்கும் வழக்கம் அப்படியே இருக்கிறது. அதுதான் 'ஹேண்ட்-அவுட்'. பெரும்பாலான தாள்களில் கட்டுரையின் சுருக்கத்தை அப்படியே தட்டச்சு செய்து, கீழே 'நிறைகள்', 'குறைகள்' என்று இரண்டு பட்டியல் போட்டிருக்கும். குறைகள் பட்டியலில் 'மாதிரி எண்ணிக்கை போதாது', 'ஒரே மையத்தில் நடந்தது' என்ற இரண்டு வரிகள், கட்டுரை எதுவானாலும் தவறாமல் வந்துவிடும்.

நல்ல தாள் வேறு வேலை செய்யும். அதைப் படிப்பவர் மூலக் கட்டுரையைத் திறக்காமலேயே அதன் முடிவை ஏற்கலாமா, மறுக்கலாமா என்று வாதாட முடியும். அப்படி ஒரு தாளை எழுதுவது எப்படி என்பதை ஒரே ஒரு கட்டுரையை வைத்துப் பார்ப்போம். குழந்தை மருத்துவத்தில் அதிகம் சண்டையிடப்பட்ட கட்டுரைகளுள் ஒன்று அது. 2011-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்தது. உகாண்டா, கென்யா, தான்சானியா நாடுகளின் மருத்துவமனைகளில் நடந்த அந்த ஆய்வுக்கு 'ஃபீஸ்ட்' என்று பெயர். தலைமை ஆய்வாளர் கேத்ரின் மெய்ட்லண்ட்.

முதலில் கேள்வி

கடும் தொற்றோடு ஒரு குழந்தை வருகிறது. கைகால் சில்லிட்டிருக்கிறது. நாடி பலவீனமாக இருக்கிறது. விரல் நகத்தை அழுத்திவிட்டால் ரத்தம் திரும்ப மூன்று வினாடிக்கு மேல் ஆகிறது. உடலுக்குப் போதிய ரத்த ஓட்டம் இல்லை என்பதன் அடையாளங்கள் இவை. இப்படி வரும் குழந்தைக்கு நரம்பு வழியாக சலைனை மளமளவென்று ஏற்ற வேண்டும் என்பது உலகெங்கும் பாடப்புத்தகம் சொல்வது. இந்த வேக ஏற்றத்துக்கு 'போலஸ்' என்று பெயர். பணக்கார நாடுகளின் அனுபவத்திலிருந்து வந்த வழக்கம் அது. தீவிர சிகிச்சைப் பிரிவோ வென்டிலேட்டரோ இல்லாத ஆப்பிரிக்க மாவட்ட மருத்துவமனையிலும் அது உயிர் காக்குமா என்பதை யாரும் முறையாகச் சோதித்திருக்கவில்லை.

தாளின் முதல் வரி இந்தக் கேள்வியாக இருக்க வேண்டும். கேள்வியை நான்கு துண்டாக உடைத்து எழுதுவது வழக்கம்: யாருக்கு, என்ன கொடுத்து, எதோடு ஒப்பிட்டு, எந்த விளைவைப் பார்த்தார்கள். மாணவர்கள் இதை 'பிக்கோ' என்பார்கள். நான்கில் எந்தத் துண்டையும் மழுப்பக் கூடாது. 'ஷாக்கில் இருக்கும் குழந்தைகளுக்கு போலஸ் நல்லதா?' என்று எழுதினால் கேள்வி தப்பாகிவிடும். ஆய்வில் சேர்ந்த குழந்தைகள் எல்லோரும் நாம் வார்டில் 'ஷாக்' என்று சொல்லும் நிலையில் இல்லை. சரியான வரி இப்படி வரும்:

*இரண்டு மாதம் முதல் 12 வயது வரையுள்ள, கடும் காய்ச்சல் நோயோடு மயக்கமோ மூச்சுத் திணறலோ இருந்து, ரத்த ஓட்டக் குறைவின் அடையாளங்களில் ஒன்றாவது காணப்பட்ட குழந்தைகளுக்கு, முதல் மணி நேரத்தில் சலைன் அல்லது அல்புமின் போலஸ் கொடுத்தால், போலஸ் இல்லாமல் பராமரிப்பு அளவு திரவம் மட்டும் கொடுப்பதைவிட 48 மணி நேரத்துக்குள் இறப்பு குறையுமா?*

நீளமான வாக்கியம்தான். ஆனால் விமர்சனத்தில் வரப்போகும் சண்டை பாதி இதற்குள் இருக்கிறது. 'ஒன்றாவது' என்ற ஒரு சொல்லைச் சுற்றியே பத்தாண்டுக்கு மேல் விவாதம் நடந்திருக்கிறது.

யாரைச் சேர்க்கவில்லை என்பதும் கேள்வியின் பகுதிதான். கடும் ஊட்டச்சத்துக் குறைவு உள்ள குழந்தைகள், வயிற்றுப்போக்கால் நீர் வற்றிய குழந்தைகள், விபத்து, தீக்காயம், அறுவை சிகிச்சையால் ஷாக் வந்தவர்கள் சேர்க்கப்படவில்லை. ரத்த அழுத்தம் மிக மோசமாக விழுந்தவர்களைத் தனிப் பிரிவில் வைத்தார்கள். அதில் சேர்ந்தது 29 பேர் மட்டுமே. இந்த வரியை விட்டுவிட்ட தாளைப் படிக்கும் ஒருவர், பேதியில் வற்றிப்போய் வரும் குழந்தைக்கும் திரவத்தை நிறுத்திவிடும் ஆபத்து இருக்கிறது.

அமைப்பு: படம் ஒன்று, சொற்கள் கொஞ்சம்

ஆய்வு எப்படி நடந்தது என்ற பகுதிக்கு நீளமான பத்தி வேண்டாம். ஒரு சிறிய படம் போதும். மேலே ஒரு பெட்டியில் 3,141 குழந்தைகள். அதிலிருந்து மூன்று அம்புக்குறிகள்: அல்புமின் போலஸ் 1,050, சலைன் போலஸ் 1,047, போலஸ் இல்லாத கட்டுப்பாட்டுக் குழு 1,044. ஒவ்வொரு பெட்டிக்கும் கீழே 48 மணி நேர முடிவு. இந்தப் படத்தைக் கையாலேயே வரையலாம். கட்டுரையில் உள்ள பெரிய படத்தைச் சுருக்கி ஒட்டினால் எழுத்து எறும்பாகி யாருக்கும் தெரியாது.

படத்துக்குப் பக்கத்தில் மூன்று விஷயங்களை எழுதினால் போதும். யார் எந்தக் குழுவுக்குப் போவது என்பதை மருத்துவர் முடிவு செய்யவில்லை. வரிசை எண்ணிட்ட, ஒளி புகாத உறைகளைப் பிரித்துத்தான் தீர்மானித்தார்கள். யாருக்கு போலஸ் போகிறது என்பது செவிலியருக்கும் மருத்துவருக்கும் தெரிந்தே இருந்தது. மூன்று குழுவுக்கும் பராமரிப்பு அளவு திரவம், ஆன்டிபயாட்டிக், மலேரியா மருந்து, தேவைப்பட்டால் ரத்தம் என்று மற்ற சிகிச்சை எல்லாம் ஒன்றுதான்.

போலஸ் அளவை எண்ணாகவும் எழுத வேண்டும், உருவமாகவும் எழுத வேண்டும். கிலோவுக்கு 20 மி.லி. என்றால் பலருக்கு மனதில் நிற்காது. 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு மணி நேரத்தில் 200 மி.லி., அதாவது ஒரு டம்ளர் அளவு என்றால் நிற்கும். நடுவில், 2010-இல், இந்த அளவைக் கிலோவுக்கு 40 மி.லி.யாக உயர்த்தினார்கள். இப்படி நடுவழியில் விதி மாறினால் தாளில் கட்டாயம் குறிக்க வேண்டும். கேட்பவர் முதலில் பிடிப்பதே அதைத்தான்.

இன்னொரு வரி மாணவர்கள் அடிக்கடி விட்டுவிடுவது: ஆய்வாளர்கள் எதை எதிர்பார்த்துத் தொடங்கினார்கள்? போலஸ் இறப்பை மூன்றில் ஒரு பங்கு குறைத்தால் அதைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு எண்ணிக்கை வேண்டும் என்று கணக்கிட்டு, கடைசியில் 3,600 குழந்தைகளுக்குத் திட்டமிட்டார்கள். 3,141-இலேயே கண்காணிப்புக் குழு ஆய்வை நிறுத்தச் சொன்னது. எதிர்பார்ப்பு எந்தத் திசையில் இருந்தது என்று தெரிந்தால்தான் முடிவின் கனம் புரியும்.

முடிவு: எண்ணை நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்

48 மணி நேரத்துக்குள் இறந்தவர்கள்: அல்புமின் குழுவில் 111 பேர் (10.6%), சலைன் குழுவில் 110 பேர் (10.5%), போலஸ் இல்லாத குழுவில் 76 பேர் (7.3%). திரவம் ஏற்றிய இரண்டு குழுக்களிலும்தான் அதிகம் பேர் இறந்திருந்தார்கள்.

கட்டுரை இதை 'ஒப்பீட்டு இடர் 1.45, 95% நம்பக இடைவெளி 1.13 முதல் 1.86' என்று சொல்கிறது. அப்படியே எடுத்து ஒட்டினால் பாதிக் கூட்டம் தலையாட்டும், யாருக்கும் புரியாது. தாள் எழுதுபவர் மூல எண்ணிக்கையை எடுத்துத் தானே வகுத்துப் பார்க்க வேண்டும். போலஸ் பெற்ற 2,097 பேரில் 221 பேர் இறந்தார்கள். அது 10.5%. பெறாதவர்களில் 7.3%. 10.5-ஐ 7.3-ஆல் வகுத்தால் சுமார் 1.45. கட்டுரையின் எண்ணோடு பொருந்துகிறது. பொருந்தாவிட்டால் நாம் தப்பான அட்டவணையிலிருந்து எடுத்திருக்கிறோம், அல்லது யாரையோ எண்ணாமல் விட்டிருக்கிறோம் என்று பொருள். இந்த ஐந்து நிமிடச் சோதனை மேடையில் அசடு வழிவதிலிருந்து காப்பாற்றும்.

அடுத்து இதை வார்டு மொழிக்கு மாற்ற வேண்டும். 10.5-லிருந்து 7.3-ஐக் கழித்தால் 3.2 சதவீதப் புள்ளி. முழுமையான எண்களில் போட்டால் 3.3-க்கு நெருக்கமாக வரும். 100-ஐ அதனால் வகுத்தால் 31 கிடைக்கும். அதாவது இப்படிப்பட்ட 31 குழந்தைகளுக்கு போலஸ் கொடுத்தால், கொடுக்காமல் இருந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடிய ஒரு குழந்தை கூடுதலாக இறந்திருக்கும். '45% அதிக இறப்பு' என்று மட்டும் எழுதினால் அது பயமுறுத்தும். '3.3 புள்ளி வித்தியாசம்' என்று மட்டும் எழுதினால் சின்னதாகத் தெரியும். இரண்டும் ஒரே செய்திதான் என்பதால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுவதுதான் நேர்மை.

நம்பக இடைவெளிக்கு ஒரு வாக்கியம் போதும்: கிடைத்த தரவுகளோடு ஒத்துப்போகும் உண்மை, 13% கூடுதல் இறப்பு என்பதிலிருந்து 86% கூடுதல் என்பது வரை எங்கும் இருக்கலாம், 'வித்தியாசமில்லை' என்பதைக் குறிக்கும் 1 அந்த எல்லைக்குள் இல்லை. நான்கு வாரம் கழித்துப் பார்த்தபோதும் நிலை மாறவில்லை: 12.2%, 12.0%, 8.7%. முதல் இரண்டு நாளில் தெரிந்த இடைவெளி பிறகு மூடிக்கொள்ளவில்லை என்று ஒரு வரி எழுதலாம். மற்ற துணை முடிவுகள் ஒரு டஜன் இருந்தாலும் தாளில் இடம் கொடுக்க வேண்டியதில்லை.

விமர்சனம்: குறை எந்தப் பக்கம் தள்ளுகிறது?

தாளின் மதிப்பு தீர்மானமாவது இங்கேதான். குறைகளைப் பட்டியல் போடுவது சுலபம். ஒவ்வொரு குறைக்கும் அடுத்த கேள்வியைக் கேட்பதுதான் கஷ்டம்: இந்தக் குறை முடிவை எந்தப் பக்கம் தள்ளியிருக்கும்? பதில் சொல்ல முடியாத குறையைத் தாளில் எழுதக் கூடாது என்று விதி வைத்துக்கொண்டால், பட்டியல் பத்திலிருந்து மூன்றாகிவிடும். அந்த மூன்றுதான் பேசத் தகுந்தவை.

முதலாவது, யாருக்கு என்ன சிகிச்சை என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வழக்கமாகச் சொல்லும் குறை இது. எந்தப் பக்கம் தள்ளும்? போலஸ் கிடைக்காத குழந்தையை 'பாவம், இதற்கு மருந்து போகவில்லையே' என்று செவிலியர் அடிக்கடி எட்டிப் பார்த்திருந்தால், அந்தக் குழுவுக்கு நன்மை நடந்திருக்கலாம். அப்படியானால் போலஸின் தீமை உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். ஆக, இந்தக் குறைக்கு ஒரு திசை உண்டு. ஆனால் முதன்மை விளைவு இறப்பு. வலி குறைந்ததா, காய்ச்சல் தணிந்ததா என்பதைப் போல அதைப் பார்ப்பவர் மனம் மாற்றி எழுத முடியாது. குறை உண்டு, சிறியது என்று முடிக்கலாம்.

இரண்டாவது, ஆய்வு திட்டமிட்டதற்கு முன்பே நிறுத்தப்பட்டது. பாதியில் நிற்கும் ஆய்வுகள் விளைவைப் பெரிதாக்கிக் காட்டும் போக்கு உள்ளவை. வித்தியாசம் தற்செயலாக உச்சத்தில் இருக்கும் நேரத்தில் நிறுத்தும் வாய்ப்பு அதிகம் என்பதே காரணம். எனவே உண்மையான தீமை 1.45-ஐவிடக் கொஞ்சம் குறைவாக இருக்கலாம். ஆனால் திட்டமிட்டதில் ஏறத்தாழ 87% பேர் அதற்குள் சேர்ந்துவிட்டார்கள். மிச்சமிருந்த 459 பேரும் சேர்ந்திருந்தால் போலஸ் நல்லது என்று கணக்குத் திரும்பியிருக்குமா என்றால், நம்புவது கடினம்.

மூன்றாவதுதான் பெரிய சண்டை. நம் வரியில் இருந்த அந்த 'ஒன்றாவது'. ஒரே ஒரு அடையாளம் இருந்தாலே குழந்தை சேர்க்கப்பட்டது. வெறும் வேகமான நாடித் துடிப்போடும் உள்ளே வரலாம். உலக சுகாதார நிறுவனத்தின் ஷாக் வரையறைக்கோ கைகால் சில்லிடுவது, நகத்தில் ரத்தம் தாமதமாகத் திரும்புவது, நாடி பலவீனமாகவும் வேகமாகவும் இருப்பது ஆகிய எல்லாமே சேர்ந்து வேண்டும். 'இவர்கள் ஷாக்கே இல்லாதவர்கள், இவர்களுக்குத் திரவம் தேவையே இல்லை' என்று விமர்சகர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. இந்தக் குறை உண்மையானால் முடிவைத் தீமைப் பக்கம் தள்ளும்.

இதற்கு ஆய்வாளர்கள் எண்ணிக் காட்டினார்கள். கடுமையான வரையறைக்குள் வந்தவர்கள் 65 பேர் மட்டுமே. அவர்களில் போலஸ் பெற்ற 50 பேரில் 24 பேர் இறந்தார்கள், பெறாத 15 பேரில் 3 பேர். இந்த இடத்தில் மேடையில் இரண்டு தவறு நடப்பதுண்டு. ஒருவர் '48-க்கு 20, பாருங்கள், உண்மையான ஷாக்கில் இன்னும் மோசம்!' என்பார். இன்னொருவர் 'நம்பக இடைவெளி 1-ஐத் தாண்டுகிறது, ஆகவே தீமை இல்லை' என்பார். இருவரும் தப்பு. இடைவெளி 0.84-லிருந்து 6.88 வரை நீள்கிறது. 65 பேரை வைத்து எந்தப் பக்கமும் உறுதியாகச் சொல்ல முடியாது. தாளில் எழுத வேண்டியது இவ்வளவுதான்: 'கடும் ஷாக்கில் போலஸ் காப்பாற்றும் என்பதற்கு இந்த ஆய்வில் எந்த அறிகுறியும் இல்லை, தீமை என்று நிறுவும் அளவுக்கு ஆட்களும் இல்லை.'

விமர்சனத்தின் கடைசி வரியாக ஒரு உண்மையைச் சேர்த்தால் கூட்டம் தூங்காது. 2013-இல் அதே குழு வெளியிட்ட அடுத்த கட்டுரையின்படி, ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது போலஸ் பெற்றவர்களில் 43% பேருக்கு ஷாக்கின் அடையாளங்கள் மறைந்திருந்தன. பெறாதவர்களில் 32% பேருக்குத்தான் மறைந்திருந்தன. படுக்கையருகே நின்ற மருத்துவர் கண்ணுக்கு போலஸ் வேலை செய்வதாகத்தான் தெரிந்திருக்கும். ஆனால் இறந்தவர்கள் அந்தப் பக்கம்தான் அதிகம். நுரையீரலில் நீர் கோத்து இறந்தார்கள் என்று எல்லோரும் ஊகித்தார்கள். ஆனால் கூடுதல் இறப்புகளுக்கு முக்கியக் காரணமாகத் தெரிந்தது, இதய–ரத்த ஓட்டமே திடீரென்று நொறுங்கியதுதான். 'கை சூடாகிவிட்டதே, நாடி வந்துவிட்டதே' என்ற நம் அனுபவத்தை ஏன் ஆய்வால் சோதிக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

நம் வார்டில் என்ன செய்வது?

தாளின் அடியில் ஒரு சிறிய கட்டம். 'இந்த முடிவு நம் நோயாளிக்குப் பொருந்துமா?' என்பது அதன் தலைப்பு. இந்தப் பகுதியை எழுதும்போது ஆய்வுக் குழந்தைகளையும் நம் குழந்தைகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். ஃபீஸ்டில் 57% பேருக்கு மலேரியா இருந்தது. மூன்றில் ஒருவருக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின் 5 கிராமுக்கும் கீழே. வென்டிலேட்டர் கிடையாது. சென்னையிலோ மதுரையிலோ ஒரு பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவில் வரும் குழந்தை இவர்களைப் போல இருக்காது. டெங்கு ஷாக்கில் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து வெளியேறுகிறது. அது வேறு நோய், அதற்கான திரவ விதிகளை இந்தத் தாள் மாற்றாது.

'சென்னையிலேயே ஆய்வு நடந்திருக்கிறதே' என்று யாராவது கேட்பார்கள். நடந்திருக்கிறது. 2008-இல் வெளியான அந்த ஆய்வில் செப்டிக் ஷாக் வந்த 147 குழந்தைகளுக்கு வேகமாக நிறையத் திரவம் கொடுப்பதையும் சற்று நிதானமாகக் கொடுப்பதையும் ஒப்பிட்டார்கள். இறப்பில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் இரண்டு குழுவுக்கும் போலஸ் போனது. 'கொடுக்காமல் விட்டால் என்ன?' என்ற ஃபீஸ்டின் கேள்வியை அது கேட்கவே இல்லை. இரண்டு ஆய்வும் முரண்படுகின்றன என்று தாளில் எழுதினால், அது இரண்டு வெவ்வேறு கேள்விகளைக் குழப்பிக்கொண்டதன் அடையாளம்.

ஆகவே கட்டத்தில் வர வேண்டிய வரி: 'தீவிர சிகிச்சை வசதியில்லாத இடத்தில், காய்ச்சலோடு கைகால் சில்லிட்டு வரும் குழந்தைக்கு, பேதியோ ரத்த இழப்போ இல்லாதபோது, வழக்கம் என்பதற்காக மட்டும் போலஸ் ஏற்றாதே. ஏற்ற வேண்டியிருந்தால், ஏற்றிய பிறகு பக்கத்திலிருந்து பார்.' இது ஃபீஸ்ட் சொன்னதைவிடச் சற்றே குறைவாகச் சொல்கிறது. கூடுதலாகச் சொல்வதைவிட அது பரவாயில்லை.

முன்பக்கத்தில் கேள்வி, படம், முடிவு. பின்பக்கத்தில் மூன்று குறைகள், அவற்றின் திசை, அடியில் கட்டம். இவ்வளவும் ஒரு ஏ4 தாளின் இரண்டு பக்கத்தில் அடங்கும். எழுதி முடித்தபின் ஒரு சோதனை உண்டு. கட்டுரையைப் படிக்காத இன்னொரு பி.ஜி.யிடம் தாளைக் கொடுத்து, முடிவுக்கு எதிராக வாதாடச் சொல்லுங்கள். தாளில் உள்ள எண்களையே எடுத்து அவரால் வாதாட முடிந்தால் ஜெராக்ஸ் போடக் கொடுக்கலாம். 'நல்லாயிருக்கு' என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தால், கட்டுரையின் சுருக்கத்தைத்தான் இன்னொரு முறை எழுதியிருக்கிறீர்கள்.